பாஸ்போர்ட் லாகின் ஐடி மறந்துபோச்சு, மெயில் ஐடியும் அரைகுறை ஞாபகம்

முருகேசன், திருநெல்வேலி
வீட்டுக்காரம்மாவுக்குப் புது பாஸ்போர்ட் எடுக்க எட்டு மாசம் முன்னாடி நானே ஆன்லைன்ல விண்ணப்பிச்சு 1500 ரூபாய் கட்டினேன். நெல்லை பாஸ்போர்ட் சேவா கேந்திராவுல அப்பாயின்ட்மென்ட்டும் கிடைச்சது. அதுக்கு முந்தின நாள் மாமியார் தவறிட்டாங்க, போக முடியல. இப்போ தேதி மாத்தலாம்னு உட்கார்ந்தா லாகின் ஐடி ஞாபகம் இல்ல. மெயில் ஐடி ஜிமெயில்தான், என் பேரும் இனிஷியலும் வரும், அதுக்கு மேல தெரியல. "Forgot Login ID"-ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், மெயிலே வரல.

ஷாகுல்
ரொம்ப யோசிக்காதீங்க அண்ணே. புதுசா ஒரு ஐடி போட்டு ரெஜிஸ்டர் பண்ணிடுங்க. எங்க அப்பா பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அப்படித்தான் பண்ணேன், பழைய ஐடியை யாருமே கேட்கல.

செல்வி அக்கா
சாரதி தளம்தானே? லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டாலே போதும், ஐடியே வேண்டாம். போன மாசம்தான் முகவரி மாத்தினேன், மொபைலுக்கு ஓடிபி வந்துச்சு.

முருகேசன்
அக்கா, இது லைசென்ஸ் இல்ல, பாஸ்போர்ட்.

ராஜன் (இ-சேவை)
ஷாகுல் சொன்னது அவங்க அப்பா விஷயத்துல சரி. அது புது விண்ணப்பம். பாஸ்போர்ட் எந்த ஐடியோடயும் ஒட்டிக்கிட்டு இருக்காது. ஆனா முருகேசன் அண்ணன் கட்டின பணமும் அப்பாயின்ட்மென்ட்டும் அந்தப் பழைய கணக்குக்குள்ள, விண்ணப்பத்துக்குக் கொடுத்த ஒரு ARN நம்பருக்குக் கீழே கிடக்கு. புதுக் கணக்குல நுழைஞ்சா அது கண்ணுல படாது. இன்னொரு 1500 கட்ட வேண்டிவரும், பழையது திரும்பி வராது. முதல் அப்பாயின்ட்மென்ட் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள மூணு தடவை வரைக்கும் தேதி மாத்தலாம். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு, அதனால தேடுறதுதான் லாபம்.

முதல்ல, அன்னைக்கு எந்தக் கணினியில பண்ணீங்களோ அதுல க்ரோமைத் திறந்து, முகவரிப் பட்டியில இதைப் போடுங்க:

```
chrome://password-manager/passwords
```

அங்க தேடுற இடத்துல `passportindia`-ன்னு அடிங்க. அன்னைக்கு "Save" கொடுத்திருந்தா லாகின் ஐடியும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். தளத்தோட முகவரி நடுவுல மாறியிருந்தா லாகின் பக்கத்துல அது தானா நிரம்பாது. அதனால இங்கேயே வந்து பாருங்க.

இல்லேன்னா மெயில்ல தேடுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்ல 1500 போன தேதி இருக்கும்ல? அதுக்கு ஒரு நாள் முன்ன பின்ன வெச்சு, உங்க ஒவ்வொரு ஜிமெயில்லயும் தேடுங்க:

```
in:anywhere passport after:2025/01/08 before:2025/01/12
```

தேதியை உங்களுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க. `in:anywhere` போட்டா ஸ்பேம், குப்பை எல்லாத்துலயும் தேடும். ஆனா அங்க போனது 30 நாள்ல அழிஞ்சிடும், உங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு.

முருகேசன்
லேப்டாப் மகன் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோயிட்டான். மெயில் கிடைச்சிருச்சு! என் ஜிமெயிலுக்குத்தான் வந்திருக்கு, ARN இருக்கு, லாகின் ஐடி மட்டும் இல்ல. அதே மெயிலைத்தானே போட்டேன், ஏன் வரல?

ராஜன் (இ-சேவை)
அந்த மெயிலைத் திறந்து, "to me" பக்கத்துல இருக்கிற சின்ன அம்புக்குறியைத் தட்டுங்க. யாருக்கு வந்ததுன்னு முழு முகவரி தெரியும். எழுத்தெழுத்தா பாருங்க, நடுவுல புள்ளி இருக்கா?

முருகேசன்
இருக்கு! பேருக்கும் இனிஷியலுக்கும் நடுவுல. நான் புள்ளி இல்லாமத்தான் எப்பவும் போடுவேன்.

ராஜன் (இ-சேவை)
அங்கதான் கோளாறு. ஜிமெயில் புள்ளியைக் கணக்குல எடுக்காது, ரெண்டும் ஒரே பெட்டிக்கு வரும். மத்த தளங்களுக்கு அது வேற முகவரி மாதிரிதான். புள்ளியோட போடுங்க. பிறந்த தேதி கேட்டா, கணக்கை யார் பேர்ல ஆரம்பிச்சீங்களோ அவங்களோடது. விண்ணப்பம் உங்க வீட்டுக்காரம்மாவுக்குன்னாலும் கணக்கு உங்க பேர்ல இருக்கலாம்.

ஷாகுல்
அட, இது எனக்கே தெரியாது.

கலா
எனக்கு இதைவிட மோசம். பிரவுசிங் சென்டர்ல பண்ணேன், அந்தத் தம்பி தன்னோட மெயிலையே போட்டிருக்கார் போல. கடையும் மூடியாச்சு. நான் பணமும் கட்டிட்டேன்.

ராஜன் (இ-சேவை)
கலா, அந்த மெயில் இல்லாம தளம் வழியா மீட்கிறது கஷ்டம். 1800-258-1800-க்குக் கூப்பிட்டு ARN சொல்லிக் கேட்டுப் பாருங்க. என்ன சொல்வாங்கன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. 500 ரூபாய்க்கு மீட்டுத் தர்றேன்னு யாராவது வந்தா ஓடிபியைக் கொடுத்துடாதீங்க.

முருகேசன்
புள்ளியோட போட்டேன், பத்து நிமிஷத்துல ஐடி வந்துருச்சு. பார்த்தா மகனோட செல்லப்பேரும் வீட்டு நம்பரும்! பாஸ்வேர்டு மட்டும் பாக்கி, அவன் ராத்திரி லேப்டாப்பைத் திறக்கிறேன்னு சொல்லியிருக்கான்.