ஷேர் கோடுல வர்ற பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்டோட சேத்தியா, இல்லையா?

குறுவை_கணக்கு:
மில்லு ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இல்லை. என் ஆண்ட்ராய்டு போன்ல சேவ் ஆகியிருக்கு, நெட்டும் வருது. பில்லு போடுற கம்ப்யூட்டர்ல கேமரா கிடையாது, கையாலதான் அடிக்கணும். செட்டிங்ஸ்ல ஷேர் கொடுத்து, வந்த கோடை இன்னொரு போன்ல ஸ்கேன் பண்ணேன். கீழே இருக்கிற மாதிரி வந்துச்சு. எழுத்தையும் நம்பரையும் மாத்தித்தான் போட்டிருக்கேன், குறியெல்லாம் அப்படியே இருக்கு. இதுல எது பாஸ்வேர்டு? எப்படி அடிச்சாலும் தப்புங்குது.

```
WIFI:S:NELMILL;T:WPA;P:kuruvai\;2023;;
```

கும்மோணம்_கடைத்தெரு:
P-க்கும் புள்ளிக்கும் அப்புறம் வர்றது முழுக்க பாஸ்வேர்டு தம்பி. கடைசியில இருக்கிற ரெண்டு செமிகோலனை மட்டும் விட்டுடு. நடுவுல பேக்ஸ்லாஷ் இருக்கு பாரு, அதை விட்டுட்டு அடிச்சிருப்பே. அதையும் சேத்து 13 எழுத்து. ஒண்ணு விடாம அடி, ஏறிடும்.

வெண்ணாற்றங்கரை:
தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லி அந்தப் பையனை அலைய விடாதீங்க. பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்டு கிடையாது. அதைச் சேத்து அடிக்கிறதாலதான் தப்புங்குது.

அந்த வரியில செமிகோலன்தான் வரப்பு. நெட்வொர்க் பேர் ஒரு வயல், பாதுகாப்பு வகை ஒரு வயல், பாஸ்வேர்டு ஒரு வயல். நடுவுல செமிகோலன் வரப்பு கட்டியிருக்கு. இப்ப பாஸ்வேர்டுக்குள்ளேயே ஒரு செமிகோலன் இருந்தா, படிக்கிற போன் அதையும் வரப்புன்னு நெனச்சு `kuruvai`-யோட நிறுத்திடும். அதனால கோடு போடுற போன் அந்தச் செமிகோலனுக்கு முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் வைக்குது. "இது வரப்பு இல்லை, பயிரு"ன்னு அடையாளம். படிக்கிற போன் அந்த அடையாளத்தைக் கழிச்சுட்டுத்தான் பாஸ்வேர்டை எடுத்துக்கும். கமா, கோலன், பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்டுல இருந்தாலும் இதே கதைதான்.

தம்பி அடிக்க வேண்டியது இது, 12 எழுத்து:

```
kuruvai;2023
```

கும்மோணம்_கடைத்தெரு:
போன் தன்னால எழுத்தைச் சேக்குமா? வேலை மெனக்கெட்டு நாம வைக்காத எழுத்தை எதுக்குச் சேக்கணும்? சேவ் ஆனது என்னவோ அதுதானே கோடுல வரும். வயலு, வரப்புன்னு பேசினா டெக்னாலஜி ஆயிடாது. 13 எழுத்துதான்.

வெண்ணாற்றங்கரை:
காரணம் எழுதியிருக்கேன், படிச்சுட்டுப் பேசுங்க. பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்டு இல்லை.

இன்னொண்ணும் யோசிங்க. பாஸ்வேர்டுல உண்மையிலேயே ஒரு பேக்ஸ்லாஷும் அதுக்கு அடுத்து செமிகோலனும் இருந்தா, கோடுல பேக்ஸ்லாஷ் மூணு வரும். செமிகோலனுக்கு அடையாளமா ஒண்ணு, பேக்ஸ்லாஷுக்கே அடையாளமா ஒண்ணு, அசல் ஒண்ணு. இவருக்கு வந்தது ஒண்ணே ஒண்ணு. அப்ப அது எது?

திருத்துறைப்பூண்டி_திண்ணை:
என்னங்க இது அநியாயமா இருக்கு! மில்லோட வைஃபை பாஸ்வேர்டை ஊரறியப் பொதுவெளியில போட்டிருக்கார், ஒருத்தரும் கேக்கலை. பேர் வேற இருக்கு. உடனே அழிங்க.

குறுவை_கணக்கு:
மாத்திப் போட்டிருக்கேன்னு எழுதியிருக்கேனே சார்.

திருத்துறைப்பூண்டி_திண்ணை:
மாத்தினாலும் குறி அப்படியேதானே இருக்கு? அதை வெச்சே கண்டுபிடிக்கிறவன் இருக்கான். அந்தக் கோடைப் படமா எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுறவங்களையும் பாக்குறேன். படத்துலேயே பாஸ்வேர்டு இருக்குன்னு பலருக்குத் தெரியவே இல்லை.

வெண்ணாற்றங்கரை:
குரூப் விஷயம் சரிங்க ஐயா. அந்தக் கட்டத்துக்குள்ள பாஸ்வேர்டு பூட்டு எதுவும் இல்லாம அப்படியே எழுத்தா இருக்கு. படத்தை வாங்கினவன் யாரா இருந்தாலும் படிச்சுக்கலாம். அதனாலதான் ஷேர் கொடுத்ததும் போன் கைரேகையோ பின் நம்பரோ கேக்குது. ஆனா இங்க கேள்வி அது இல்லை, பேக்ஸ்லாஷ்.

நாகூர்_நிலா:
ஹாஸ்டல் வைஃபைக்கு என் போன்ல ஷேர் பட்டனே வரலை அண்ணா. செட்டிங்ஸ், இன்டர்நெட், பக்கத்துல இருக்கிற பல்சக்கரம்னு எல்லாம் தொட்டுப் பாத்துட்டேன். வீட்டு வைஃபைக்கு மட்டும் வருது. என் போன் பழுதா?

வெண்ணாற்றங்கரை:
பழுது இல்லைம்மா. ஹாஸ்டல்ல யூசர் நேமும் பாஸ்வேர்டும் தனித்தனியா கேட்டு ஏத்தியிருப்பாங்க. அந்த வகைக்கு ஷேர் கோடு வராது. அது உன் பேர்ல இருக்கிற கணக்கு, மத்தவங்களுக்குக் கொடுக்கிற பாஸ்வேர்டு இல்லை.

கும்மோணம்_கடைத்தெரு:
ஷேர் பட்டன் வரலைன்னா ஆண்ட்ராய்டு பழசா இருக்கும். 10-க்குக் கீழே வராது. எல்லாத்துக்கும் ஒரு கதை சொல்றதுக்கு முன்னாடி அதைக் கேக்க வேண்டாமா?

நாகூர்_நிலா:
ஆண்ட்ராய்டு 13 அண்ணா. வீட்டு வைஃபைக்கு வருதுன்னு சொன்னேனே.

வெண்ணாற்றங்கரை:
கேள்வியையே படிக்காம பதில் சொல்றது இங்க யாருன்னு எல்லாரும் பாத்துக்கட்டும். போன மாசம் மோடம் விவகாரத்துலயும் இதேதான் பண்ணீங்க.

சரி, பேக்ஸ்லாஷுக்கு வர்றேன். பிக்ஸல் மாதிரி கூகுளோட நேரடி ஆண்ட்ராய்டு இருக்கிற போன்ல, ஷேர் கோடுக்குக் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தா காட்டும். ஸ்கேனே வேண்டாம். அங்க பாருங்க, செமிகோலன் மட்டும்தான் இருக்கும், பேக்ஸ்லாஷ் இருக்காது. அதே போன், அதே பாஸ்வேர்டு. கட்டத்துக்குள்ள 13, கீழே 12.

கும்மோணம்_கடைத்தெரு:
கடைக்கு வர்ற போன்ல பாதிக்கு மேல கட்டம் மட்டும்தான் வரும், கீழே ஒண்ணும் எழுதாது. கைக்கு வராத போனை வெச்சுப் பேசறது சுலபம். தம்பி போன்ல கீழே எழுத்து வந்துச்சா? வந்திருந்தா எதுக்கு இன்னொரு போன்ல ஸ்கேன் பண்ணப் போறான்?

குறுவை_கணக்கு:
ஆமா சார், கட்டம் மட்டும்தான் வந்துச்சு.

வெண்ணாற்றங்கரை:
எல்லாக் கம்பெனிப் போன்லயும் கீழே எழுத்து வராதுங்கிறது நிஜம். அதுக்காகப் பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்டு ஆயிடாது. ஸ்கேன் பண்ற ஆப்புலதான் வித்தியாசம். சில ஆப் கோடுல இருக்கிற வரியை அப்படியே கக்கும், தம்பிக்கு வந்த மாதிரி. சிலது பிரிச்சு, பேர் தனியா பாஸ்வேர்டு தனியா காட்டும், அதுல பேக்ஸ்லாஷைக் கழிச்சிருக்கும். தம்பி, அந்த இன்னொரு போனோட வைஃபை செட்டிங்ஸ்ல ஸ்கேன் குறி இருக்கும், அது வழியா அதே கோடைக் காட்டுங்க. பாஸ்வேர்டு அடிக்காமலே நெட் ஏறிடும். ஏறினா கோடு சரி, நாம அடிச்சதுதான் தப்புன்னு தெரிஞ்சுடும்.

மில்லுல ரவுட்டர் பாஸ்வேர்டை யாராவது பின்னாடி மாத்தியிருந்தா போன் பழசைத்தான் காட்டும். ஆனா உங்க போன்ல இப்ப நெட் வருதுன்னு சொல்றீங்க, அதனால அந்தச் சந்தேகம் இல்லை.

கும்மோணம்_கடைத்தெரு:
பேச்சை மாத்தறார் பாருங்க. 12-ஆ 13-ஆ?

வெண்ணாற்றங்கரை:
12. எத்தனை தடவை கேட்டாலும் 12.

எண்ணிக்கையை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, வைஃபை பாஸ்வேர்டு 8-லேர்ந்து 63 எழுத்து வரைக்கும் இருக்கலாம், ரெண்டும் அதுக்குள்ள அடங்கிடும். அதனால ஒரு சோதனை சொல்றேன், உங்க கடையிலேயே பண்ணுங்க. உங்க போன்ல ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை `aduthurai;16`-னு வைங்க. பேக்ஸ்லாஷ் வைக்காதீங்க. அந்த ஹாட்ஸ்பாட்டோட கோடைத் திறந்து, வரியை அப்படியே காட்டுற ஆப்புல இன்னொரு போன்ல பாருங்க. நீங்க வைக்காத பேக்ஸ்லாஷ் அதுல இருக்கும்.

கும்மோணம்_கடைத்தெரு:
பண்ணியாச்சு. `aduthurai16`-னு வெச்சேன். ஸ்கேன் பண்ணேன். பேக்ஸ்லாஷே வரலை! போன் தன்னால எதையும் சேக்கலைன்னு இதைவிட எப்படி நிரூபிக்கிறது? தம்பி பாஸ்வேர்டுல வந்துச்சுன்னா அதுல இருக்குன்னு அர்த்தம்.

வெண்ணாற்றங்கரை:
செமிகோலனை விட்டுட்டீங்களே! பேக்ஸ்லாஷ் வர்றதே செமிகோலனுக்காகத்தான். செமிகோலன் இல்லாத பாஸ்வேர்டுக்கு அது எதுக்கு வரும்? மறுபடியும் பண்ணுங்க.

கும்மோணம்_கடைத்தெரு:
நீங்க சொன்ன சோதனையை நான் பண்ணிக் காட்டிட்டேன். பிடிக்கலைன்னதும் இன்னொண்ணு பண்ணச் சொல்றீங்க.

நாகூர்_நிலா:
கடைக்கார அண்ணா, செமிகோலனோட ஒரு தடவை பண்ணிடுங்களேன். ரெண்டு நிமிஷம்தானே.

கும்மோணம்_கடைத்தெரு:
கூட்டு சேந்துட்டீங்களா. யாரும் செமிகோலன் போட்டு ஹாட்ஸ்பாட் வைக்கிறது இல்லைம்மா.

திருத்துறைப்பூண்டி_திண்ணை:
மில்லுக்காரர் வெச்சிருக்காரே?

குறுவை_கணக்கு:
சார், ஏறிடுச்சு. பேக்ஸ்லாஷை எடுத்துட்டு அடிச்சேன். முன்னாடி அதை வாட்ஸ்அப்ல டைப் பண்ணி ஆபீஸுக்கு அனுப்பியிருந்தேன், அதுல முதல் எழுத்து தன்னால பெரிசாயிருந்துச்சு. அதையும் இப்ப சின்னதாக்கினேன். ரெண்டையும் ஒரே தடவையில மாத்திட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
பாத்தீங்களா?

கும்மோணம்_கடைத்தெரு:
நல்லாப் பாத்தேன்! பெரிய எழுத்து, அதுதான் கோளாறு. பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் பாஸ்வேர்டுல வித்தியாசம் உண்டு. பேக்ஸ்லாஷ் இருந்தாலும் இல்லாட்டியும் முதல் எழுத்து தப்புன்னா ஏறாது.

வெண்ணாற்றங்கரை:
இப்ப அடிச்சு ஏறினதுல பேக்ஸ்லாஷ் இல்லைங்க. அது பாஸ்வேர்டோட ஒரு எழுத்தா இருந்திருந்தா, இல்லாம எப்படி ஏறும்? ஒரு எழுத்து குறைஞ்சாலும் ரவுட்டர் உள்ளே விடாதே. பெரிய எழுத்தும் தப்பு, பேக்ஸ்லாஷும் தப்பு, ரெண்டும் இருந்துச்சு. தம்பி, அவருக்காக ஒரு தடவை நெட்வொர்க்கை மறக்க வெச்சுட்டு, சின்ன எழுத்துல பேக்ஸ்லாஷைச் சேத்து அடிச்சுப் பாருங்க. ஏறாது.

குறுவை_கணக்கு:
பில்லு ஓடிக்கிட்டு இருக்கு சார். நெல்லு வண்டி நிக்குது. இப்ப கழட்ட முடியாது.

கும்மோணம்_கடைத்தெரு:
அவ்வளவுதான். சோதிக்காத வரைக்கும் 13-ம் ஏறியிருக்கும்னுதான் சொல்வேன்.

திருத்துறைப்பூண்டி_திண்ணை:
ஏறிடுச்சுல்ல, இப்பவாவது அந்தப் பதிவை அழிங்கப்பா.

வெண்ணாற்றங்கரை:
`aduthurai;16`, செமிகோலனோட. பண்ணிட்டு வந்து பேசுங்க. அதுவரைக்கும் உங்ககிட்ட வேற எதுக்கும் பதில் இல்லை.

கும்மோணம்_கடைத்தெரு:
உங்க பதிலுக்காக இங்க யாரும் கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு இல்லை. மோடம் விவகாரத்துலயும் நான் சொன்னதுதான் சரி.