கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ரெஸ்யூம் போட்டு ஒரு கால் கூட வரல, என்ன தப்புன்னு சொல்லுங்க (அவசரம்)

முகில்24:
ஹாய் எல்லாருக்கும், 4 வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு, ரெண்டு மாசமா அனுப்பிட்டே இருக்கேன், ஒரு இடத்துலயும் கூப்பிடல. நாளைக்கு இன்னொரு கம்பெனிக்கு அனுப்பணும், அதுக்குள்ள சரி பண்ணணும். முக்கியமான லைன் எல்லாம் தமிழ்ல போடறேன்:

மாதம் 300+ ஷிப்மென்ட் ஹேண்டில் செய்தேன்.
எல்லா வகை டாக்குமென்ட்டும் தெரியும்.
சென்னை, காட்டுப்பள்ளி, எண்ணூர், தூத்துக்குடி, நவஷேவா போர்ட் அனுபவம்.
ICEGATE, ERP, எம்.எஸ். ஆபீஸ் எக்ஸ்பர்ட்.

இதுல என்ன குறை? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

தூத்துக்குடி_பாலா:
தம்பி பி.இ. நம்பர் என்ன, எந்த தேதி ஃபைல் பண்ணீங்க? குவெரி வந்திருக்கா இல்ல எக்ஸாமினேஷன்ல நிக்குதா? அத சொல்லாம எப்படி உதவறது

முகில்24:
அண்ணா சரக்கு எதுவும் நிக்கல, என் ரெஸ்யூம் தான் நிக்குது

தூத்துக்குடி_பாலா:
ஓ, கிளியரன்ஸ்னு தலைப்ப பாத்ததும் எழுதிட்டேன். சரி, நடத்துங்க

சரக்கு_சரவணன்:
ப்ரோ இது ஃபார்மேட் பிரச்சனை தான், அடிச்சு சொல்றேன். ரெஸ்யூம மனுஷன் படிக்கிறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர் படிக்குது, பக்கத்த ரெண்டு காலமா பிரிச்சு கலர் பாக்ஸ் வெச்சிருந்தீங்கன்னா அது குழம்பிடும். ஒரே காலமா மாத்துங்க, விளம்பரத்துல இருக்கற வார்த்தைகள அப்படியே உள்ள போடுங்க, அவ்ளோ தான் மேட்டர்

ராணிமேரி:
நான் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல ஆள் எடுக்கற வேலையும் சேர்த்து பாக்கறேன். எங்க ஆபீஸ் சைஸ்ல ரெஸ்யூம மனுஷங்க தான் படிக்கறோம், சரவணன் சொல்றது பெரிய மல்டிநேஷனலுக்கு வேணா பொருந்தும். முகில், முதல்ல இதெல்லாம் சொல்லுங்க. இம்போர்ட்டா எக்ஸ்போர்ட்டா? சீயா ஏரா? ஃபார்வர்டர்கிட்டயா, புரோக்கர்கிட்டயா? கார்டு இருக்கா, எச்-ஆ ஜி-ஆ? அப்புறம் அந்த 300 எதோட கணக்கு? பி.இ.யா, கன்டெய்னரா, ஜாப் நம்பரா?

முகில்24:
புரோக்கர் ஆபீஸ், இம்போர்ட் சீ, எச் கார்டு. 300 எங்க ஆபீஸ் முழுசும் மாசம் வர ஜாப், நாங்க எட்டு பேர். நான் செக்லிஸ்ட் ரெடி பண்ணி கஸ்டமருக்கு அப்ரூவலுக்கு அனுப்புவேன், ஓகே வந்ததும் சப்மிட்டுக்கு குடுப்பேன், குவெரி வந்தா பதில் டிராஃப்ட் பண்ணுவேன். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது தானேன்னு எழுதல

பழைய_டாக்:
எட்டு பேர் செஞ்ச வேலைய ஒருத்தர் தலைல எழுதினா இப்படித்தான். இந்த தலைமுறைக்கு நோட்டிங்கும் தெரியாது, ஷெட்டுக்கும் போனதில்ல, ஆனா ரெஸ்யூம்ல அஞ்சு போர்ட். நாங்கெல்லாம் ஃபைல கைல தூக்கிட்டு அப்ரைசர் டேபிள் டேபிளா நின்னு கத்துக்கிட்டோம் தம்பி.

ராணிமேரி:
அண்ணா, திட்டறத அப்புறம் வெச்சுக்கலாம். முகில், விஷயம் இது தான்: எழுதாம விட்டீங்களே, அது தான் உங்க ரெஸ்யூம்.

300 மேட்டர் எப்படி மாட்டும்னு பாருங்க. நான் இன்டர்வியூல கேக்கற முதல் கேள்வி “ஒரு நாளைக்கு எத்தன செக்லிஸ்ட் போடுவீங்க”. 25 வேலை நாள்னு வெச்சா 300க்கு நாளுக்கு 12 ஆகுது, அதோட குவெரி பதிலும் கஸ்டமர் ஃபாலோஅப்பும் தனியா ஒருத்தரே பாத்தார்னா நம்ப மாட்டேன். கூப்பிடாம விடறதுக்கு அதுவே போதும்.

உங்க ஆபீஸ்ல ஜாப் ரெஜிஸ்டர் இருக்கும்ல, சாஃப்ட்வேர்லயோ எக்செல்லயோ. அதுல உங்க பேர ஃபில்டர் பண்ணி ஒரு சாதாரண மாசம் எடுங்க, பரபரப்பான மாசம் வேணாம். உதாரணத்துக்கு 38 பி.இ. வருதுன்னு வைங்க. அதுல 9 எல்.சி.எல்., 29 எஃப்.சி.எல். அந்த 29 பி.இ.ல இருவதடி 18, நாப்பதடி 23. நாப்பதடி ஒன்னு ரெண்டு டி.இ.யூ., அதனால 18 கூட 46 சேத்து 64 டி.இ.யூ. கன்டெய்னர்னு எழுதினா 41, பி.இ.ன்னு எழுதினா 38, டி.இ.யூ.ன்னு எழுதினா 64. மூணும் உண்மை தான், ஆனா யூனிட் சொல்லாம நம்பர் மட்டும் போட்டா படிக்கறவங்க தப்பாவே எடுத்துப்பாங்க. எல்.சி.எல். ஒம்பதையும் டி.இ.யூ.ல கலக்காதீங்க, அது தனி, சி.பி.எம்.ல சொல்லலாம் இல்ல எண்ணிக்கையா விட்டுடலாம்.

ஏர்கார்கோ_ஜெனி:
எனக்கும் இதே தான். நான் ஏர் எக்ஸ்போர்ட், டி.இ.யூ.க்கு வேலையே இல்ல, கிலோல தான் பேசணும். அதுலயும் ஆக்சுவல் வெயிட்டா சார்ஜபிள் வெயிட்டான்னு எழுதாம விட்டு ஒரு இன்டர்வியூல மாட்டினேன். பெருசா லேசா இருக்கற பெட்டின்னா ஒரு சி.பி.எம்.க்கே 167 கிலோ கணக்கு வரும், ஆக்சுவல் அதுல பாதி கூட இருக்காது, ரெண்டு நம்பரும் எங்கயோ போயிடும். ஆனா என் ரெஸ்யூமுக்கும் கால் வரல, அதயும் யாராச்சும் பாருங்க

சரக்கு_சரவணன்:
ஜெனி ஃபார்மேட் அனுப்புங்க, சிங்கிள் காலமா?

ராணிமேரி:
ஜெனி தனியா இழை போடுங்க, இங்க கலந்துடும்.

அடுத்தது “எல்லா வகை டாக்குமென்ட்”. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல்.னு வரிசையா எழுதினாலும் பிரயோஜனம் இல்ல, அதெல்லாம் இல்லாம பி.இ.யே கிடையாது. நீங்க எத பிடிச்சு நிறுத்தினீங்கன்னு சொல்லுங்க. எஃப்.டி.ஏ. கேஸ் எதாச்சும் பண்ணிருக்கீங்களா?

முகில்24:
ஆசியான் நிறைய பண்ணிருக்கேன். மலேசியாலேர்ந்து பிளாஸ்டிக் கிரானுல்ஸ் வரும். ஒரு தடவ சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் தேதி பாத்தா கப்பல் கிளம்பி ரெண்டு வாரம் கழிச்சு போட்டிருந்தாங்க, ஆனா ரெட்ரோஆக்டிவ்னு எதுவும் குறிப்பிடல. நான் செக்லிஸ்ட்ட நிறுத்திட்டு கஸ்டமர் வழியா சப்ளையர்கிட்ட திருத்தி வாங்கினேன். இதயெல்லாம் எழுதலாமா?

ராணிமேரி:
எழுதலாமாவா! இத தான் மேல போடணும். லேட்டா இஷ்யூ பண்ண சர்டிபிகேட்ல அந்த வார்த்தை இல்லாம அப்படியே டியூட்டி சலுகை கேட்டு ஃபைல் பண்ணிருந்தா குவெரி விழும், பதில் போற வரைக்கும் பெட்டி கிடக்கும், கிரவுண்ட் ரென்ட்டும் லைனோட டிடென்ஷனும் ஓடும். இத ஃபைலிங்குக்கு முன்னாடியே பிடிச்சவருன்னா எங்களுக்கு எச் கார்டா ஜி கார்டாங்கறதெல்லாம் ரெண்டாவது.

ஆனா வார்த்தைல கவனம். எச் கார்டுக்கு கையெழுத்து அதிகாரம் கிடையாது, அதனால “பி.இ. ஃபைல் செய்தேன்”னு எழுதாம “செக்லிஸ்ட் தயாரித்து சரிபார்த்தேன், e-Sanchit-ல் அப்லோடு செய்தேன், குவெரிக்கு பதில் வரைவு செய்தேன்”னு எழுதுங்க. டிஜிட்டல் சிக்னேச்சர் யாருதுன்னு கேட்டா முழிக்கக் கூடாது.

ICEGATE எக்ஸ்பர்ட்டும் அதே மாதிரி தான். ஸ்டேட்டஸ் என்கொயரி மட்டும் பாத்தவரும் எக்ஸ்பர்ட்னு தான் எழுதறார். எந்த சாஃப்ட்வேர்ல என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. Logi-Sys-ல ஜாப் ஓப்பன் பண்ணி செக்லிஸ்ட் எடுத்தீங்களா, CargoWise-ல வேலை பாத்தீங்களா, லைனோட டெலிவரி ஆர்டர் ODeX-ல எடுத்தீங்களா. ERP-ன்னு மொட்டையா விட்டா எதுவுமே தெரியலன்னு தான் அர்த்தம்.

பழைய_டாக்:
போர்ட் அனுபவம்னு எழுதறதே இப்ப வேஸ்ட். ஃபேஸ்லெஸ் வந்ததுக்கு அப்புறம் அசஸ்மென்ட் நாட்டுல எங்கயோ நடக்குது. சென்னைல பி.இ. போட்டா வேற ஊர் ஆபீசர் பாக்கறாரு. இதுல காட்டுப்பள்ளி என்ன, நவஷேவா என்ன? 2018லயே எல்லாம் முடிஞ்சு போச்சு.

தூத்துக்குடி_பாலா:
2018 இல்ல அண்ணே, 2020 ஜூன்ல சென்னைலயும் பெங்களூர்லயும் ஆரம்பிச்சாங்க, நாடு முழுக்க வந்தது அந்த வருஷம் அக்டோபர் கடைசில. அதோட அசஸ்மென்ட் தான் ஃபேஸ்லெஸ், பெட்டிய தொறந்து பாக்கறது ஃபேஸ்லெஸ் இல்லயே! எக்ஸாமினேஷன், அவுட் ஆஃப் சார்ஜ், சி.எஃப்.எஸ்.ல லேபர், எல்லாம் அந்தந்த போர்ட்ல தான். ஆள் இல்லாம பெட்டி தானா வெளிய வருமா

பழைய_டாக்:
வருஷம் எனக்கும் தெரியும், டைப்பிங் தப்பு. தம்பி நவஷேவால நின்னு பெட்டிய தொறந்தாரா? கேளுங்க முதல்ல.

முகில்24:
நவஷேவா இங்கேர்ந்து டாக்குமென்ட் மட்டும், அங்க எங்க ஏஜென்ட் பாத்துப்பாங்க. தூத்துக்குடியும் அதே. எண்ணூர் ரெண்டு தடவ போனேன். சென்னை காட்டுப்பள்ளி ரெகுலரா எக்ஸாமினேஷனுக்கு போவேன்

தூத்துக்குடி_பாலா:
அப்ப ரெண்டா பிரிச்சு எழுதுங்க தம்பி. நேர்ல கிளியரன்ஸ்: INMAA1, INKAT1. டாக்குமென்ட் மட்டும்: INNSA1, INTUT1. எண்ணூர விட்டுடுங்க, ரெண்டு தடவ போனத எழுதினா அத பத்தி தான் தோண்டுவாங்க.

ராணிமேரி:
பாலா சொல்றது சரி. டி.பி.டி.ல பெட்டி நேரா இம்போர்ட்டர் இடத்துக்கு போன கேஸ் இருந்தா அதயும் சேருங்க. இன்னொன்னு, கப்பல் வர்றதுக்கு முந்தின நாளுக்குள்ள ஃபைல் ஆகலன்னா முதல் மூணு நாளைக்கு நாளுக்கு 5000, அப்புறம் நாளுக்கு 10000 லேட் ஃபீ. உங்க 38ல எத்தன அட்வான்ஸா போச்சுன்னு ரெஜிஸ்டர்லயே தெரியும். அந்த நம்பர ரெஸ்யூம்ல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, பாத்தா கட்டாயம் கூப்பிடுவேன்.

சரக்கு_சரவணன்:
கஸ்டமர் பேர் போடலாம்ல? பெரிய கம்பெனி பேர் இருந்தா வெயிட்டு தனி

ராணிமேரி:
நான் போட வேணாம்பேன். வேல்யூ, சப்ளையர் பேரெல்லாம் ரகசியம், இங்கேர்ந்து வெளிய சொன்னவர் நாளைக்கு எங்களதையும் சொல்வார். “பிளாஸ்டிக் மூலப்பொருள் இம்போர்ட்டர்”னா போதும்.

பழைய_டாக்:
எல்லாரும் போடறாங்க, எங்க ஆபீஸ்லயே பேர பாத்து தான் எடுத்தோம். வெறும் பேர் போட்டா என்ன ரகசியம் போயிடும்?

ஏர்கார்கோ_ஜெனி:
என் ஆஃபர் லெட்டர்ல கஸ்டமர் பேர் வெளிய சொல்லக் கூடாதுன்னே இருக்கு

பழைய_டாக்:
அது உங்க லெட்டர்.

முகில்24:
லீட்கிட்ட ரெஜிஸ்டர் கேட்டேன், கஸ்டமர் காலத்த மறைச்சிட்டு எக்செல் குடுத்தார். 9 மாசம் தான் இருக்கு, அதுக்கு முன்னாடி பழைய சாஃப்ட்வேர். சராசரி 34 பி.இ., அட்வான்ஸா போனது 27. இத வெச்சு நாளைக்கு அனுப்பலாமா?

ராணிமேரி:
போதும், எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம்னு மட்டும் பக்கத்துல போடுங்க. மிச்ச 7 ஏன் லேட்டுன்னு கேப்பாங்க, பி.எல். டிராஃப்ட் லேட்டா, கஸ்டமர் அப்ரூவல் லேட்டான்னு பிரிச்சு வெச்சுக்கோங்க.

சரக்கு_சரவணன்:
சிங்கிள் காலம் மறக்காதீங்க ப்ரோ