ஃபோனில் நடுகல் எழுத்து வெளியே துருத்தித் தெரிகிறது: உங்களுக்கும் நேர்ந்திருக்கிறதா?

ஏரிக்கரை

செங்கம் பக்கத்து நடுகல் ஒன்று. வில்லோடு நிற்கும் வீரன், தலைக்கு மேலே வட்டெழுத்தில் நான்கு வரி. ஃபோட்டோகிராமெட்ரி செய்து, பிளெண்டரில் இரண்டு கோடி முக்கோணத்தை 60,000 ஆக்கி, நார்மல் மேப் பேக் செய்து, உலாவியிலேயே ஏஆராகத் திறக்கும்படி வைத்தேன். 4 ஜிபி ராம் உள்ள ஆண்ட்ராய்டு ஃபோனிலும் திணறாமல் ஓடியது.

ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஒரு சாயங்காலம் காட்டினோம். அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பத்துப் பெரியவர் ஃபோனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் திரை மேலேயே விரலை ஓட்டி, "எழுத்து வெளிய துருத்திக்கிட்டு நிக்குதே தம்பி, கல்லுல பள்ளமாத்தானே இருக்கும்" என்றார். எட்டிப் பார்த்தேன். வெட்டிய எழுத்தெல்லாம் மேலே ஒட்டிவைத்தது போலத்தான் இருந்தது. வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை. அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. யாருக்காவது இது நடந்திருக்கிறதா?

மலைநாடன்

நடந்திருக்கிறது. நார்மல் மேப்பில் பச்சை சேனல் தலைகீழ். எனக்கு ஒரு துவாரபாலகர் சிலையில் தொப்புளே குமிழாக வந்து நின்றது. பச்சையைத் திருப்பிப் போடுங்கள், முடிந்தது.

முக்கோணம்

60,000 எதற்குப் போதும்? இரண்டு கோடியிலிருந்து அவ்வளவு குறைத்தால் எழுத்து எப்படி மிஞ்சும்? நான் ஒரு மண்டபத் தூணை 5 லட்சத்தில் வைத்திருக்கிறேன், பார்க்க அருமையாக இருக்கும். ஃபோன் கொஞ்சம் சூடாகும், இரண்டு நிமிடத்துக்குப் பிறகு தூண் நின்ற இடத்தில் நிற்காமல் லேசாக நகரும், அவ்வளவுதான். உங்கள் எழுத்து கெட்டது முக்கோணம் போதாததால்தான்.

கருங்கல்

முக்கோணம் சார், தூண் நகர்வதும் அந்தச் சூட்டோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். சூடானால் ஃபோன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேமராவைப் பின்தொடரும் வேலைக்கும் அதே சிப்பிலிருந்துதான் நேரம் கிடைக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள் மார்பு உயரக் கல் என்றால், சுற்றிலும் சேர்த்து இரண்டு சதுர மீட்டருக்குச் சற்று மேலே பரப்பு வரும். அதில் 60,000 முக்கோணம் சமமாகப் பரவினால் ஒவ்வொன்றின் பக்கமும் ஏறக்குறைய 9 மி.மீ. எழுத்துக் கோட்டின் அகலம் 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மெஷ்ஷில் எழுத்து இருக்கவே முடியாது. 5 லட்சம் போட்டாலும் பக்கம் 3 மி.மீ. ஆகும், கோட்டுக்குக் குறுக்கே இரண்டு புள்ளிதான் விழும். அதே கல்லுக்கு 2048 நார்மல் மேப் போட்டால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 1 மி.மீ. எழுத்து குடியிருக்க வேண்டிய இடம் அதுதான். வீரனின் உடல், வில், கல்லின் விளிம்பு ஆகியவை மெஷ்ஷில் இருந்தால் போதும். மண்ணில் புதைந்த அடிப்பகுதிக்கும் பின்புறத்துக்கும் யூவியில் இடத்தைச் சுருக்கி முகப்புக்குக் கொடுத்தால், பிக்சல் இன்னும் நுணுகும்.

மலைநாடன் சொன்ன காரணம் உண்மையில் உண்டு. ஆனால் ஏரிக்கரை பிளெண்டரில் பேக் செய்திருக்கிறார். அதன் இயல்பான அமைப்பும் .glb எதிர்பார்ப்பதும் ஒரே திசைதான். மேலும் பச்சை திரும்பியிருந்தால் எல்லாக் கோடும் ஒரேபோல் புடைக்காது. ஒளி மேலிருந்து விழும்போது கிடைக்கோடுகள் மாறித் தெரியும். பக்கத்திலிருந்து விழும்போது நெடுங்கோடுகள் சரியாகவே இருக்கும். அவர் எல்லா எழுத்தும் என்கிறார்.

ஏரிக்கரை, இரண்டு விஷயம் சொல்லுங்கள். படம் எடுத்தபோது வெயில் எந்தப் பக்கம்? நிறப் படத்தைக் கழற்றிவிட்டு வெறும் சாம்பல் நிறத்தில் பார்த்தால் எழுத்து பள்ளமா, மேடா?

தெற்குவீதி

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். எங்கள் ஊர்க் கல்லுக்கு வெள்ளிதோறும் எண்ணெய்க் காப்பு. கருப்பாகப் பளபளக்கும். நாம் நகர நகர அந்தப் பளபளப்பும் நகரும், மென்பொருள் அதைக் கல்லின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளும். வீரனின் தோள் முழுக்கக் கொப்புளமாக வந்தது. மெஷ்ஷைக் குறைக்கக் குறைக்கக் கொப்புளம் பெரிதாகிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க் கல்லென்றால் ஃபிளாஷ் முன்னால் ஒரு போலரைசர் தாள், லென்ஸில் ஒரு போலரைசர், இரண்டையும் குறுக்காகத் திருப்பி வையுங்கள். பளபளப்பு அடங்கிவிடும். வெளிச்சம் மிகவும் குறையும், அதனால் ஃபிளாஷ் வலுவாக இருக்க வேண்டும். பூசாரியிடம் சொல்லிவிட்டு அடுத்த காப்புக்கு முந்தைய நாள் போங்கள், எண்ணெய் கல்லில் ஊறியிருக்கும். துணியால் துடைக்க வேண்டாம், வழிபாட்டில் உள்ள கல்லை நாம் தொடக்கூடாது. இதற்குப் பிறகும் தோளில் கொப்புளம் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வடிக்கும் தூரிகையால் சமன் செய்யுங்கள். எழுத்துப் பக்கம் தூரிகையே போகக்கூடாது.

ஏரிக்கரை

கருங்கல், பார்த்தேன். சாம்பல் நிறத்தில் எழுத்து பள்ளமாகத்தான் இருக்கிறது. படம் எடுத்தது காலையில், வெயில் இடப்பக்கத்திலிருந்து. எழுத்து நன்றாகத் தெரிகிறது என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

கருங்கல்

அப்படியானால் அதுதான். இடமிருந்து வெயில் அடித்தால் பள்ளத்தின் இடச்சுவர் இருட்டு, வலச்சுவர் வெளிச்சம். அது நிறப் படத்தில் அப்படியே பதிந்துவிட்டது. சாயங்காலம் மைதானத்தில் நிஜ வெயில் வலப்பக்கத்திலிருந்து வந்திருக்கும், ஏஆரும் கேமராவைப் பார்த்து அதே பக்கம் விளக்கு வைத்திருக்கும். வலமிருந்து ஒளி வரும் உலகில் இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்றால் கண் அதை மேடு என்றுதான் படிக்கும். பெரியவர் கண் சரியாகவே படித்திருக்கிறது.

மேகம் மூடிய நாளில் மறுபடி எடுப்பதே நல்லது. வடிவத்துக்குக் காலைப் படங்களை வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் புதுப் படங்களிலிருந்து எடுக்கலாம், இரண்டையும் ஒரே திட்டத்தில் சேர்த்து அலைன் செய்தால் போதும். முடியாவிட்டால் அகிசாஃப்டின் இலவச டீலைட்டர் இருக்கிறது. நிழலும் பாசிக்கறையும் கலந்த இடத்தில் அது தடுமாறும்.

கோடைமழை

நார்மல் மேப்பை எதில் சுருக்கினீர்கள்? எங்கள் கல்லில் எழுத்து ஓரமெல்லாம் படிக்கட்டாக வந்தது. நிறம், நார்மல் இரண்டையும் ETC1S-இல் போட்டிருந்தோம். நார்மலை மட்டும் UASTC ஆக்கியதும் சரியாகிவிட்டது.

```
gltf-transform uastc kal.glb kal1.glb --slots "normalTexture" --level 4
gltf-transform etc1s kal1.glb kal2.glb --slots "baseColorTexture"
```

கோப்பு கொஞ்சம் பெருத்தது. ஆனால் ஃபோன் நினைவகத்தில் இது ஜேபிஜி போல விரியாது. 4096 ஜேபிஜி கோப்பாக 3 எம்பி இருந்தாலும், ஜிபியூவில் ஏறும்போது 64 எம்பி, மிப் அடுக்குகளோடு 85.

ஏரிக்கரை

மேகமூட்டத்தில் எடுத்த படங்களோடு மறுபடி கட்டிவிட்டேன். எந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் எழுத்து பள்ளமாகவே நிற்கிறது. ஆனால் இரண்டடி பின்னால் போனால் எழுத்தே காணோம், சமதளமாகிவிடுகிறது.

கருங்கல்

தூரத்தில் ஃபோன் நார்மல் மேப்பின் சிறிய மிப்பை எடுக்கும். பள்ளத்தின் இரு சுவரும் சராசரியாகி ஒன்றையொன்று அழித்துவிடும். ஆம்பியன்ட் ஒக்லூஷன் பேக் செய்து மெல்லிய அளவில் நிறத்தோடு பெருக்குங்கள். அந்த இருட்டுக்குத் திசை கிடையாது, எனவே பழைய சிக்கல் வராது. தனி ஒக்லூஷன் படமாக விட்டால் நேர் ஒளியில் வேலை செய்யாது.

ஓலைக்கட்டு

இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கல்வெட்டுப் படிப்பவள். ஒக்லூஷன் எழுத்தையும் இருட்டாக்கும், கல்லின் பொரிவையும் வெடிப்பையும் இருட்டாக்கும். தேய்ந்த வட்டெழுத்தில் ஒரு வெடிப்பு கோடாகத் தெரிந்தால் வேறு எழுத்தாகிவிடும். நானே அப்படிப்பட்ட ஒரு மாடலில் ஒரு பெயரைப் படித்து, பிறகு மைப்படியை எடுத்துப் பார்த்தபோது அந்தக் கோடே இல்லை.

மலைநாடன்

ஊர்மக்களுக்குக் காட்டுவதற்குத்தானே, ஆய்வுக்கு இல்லையே.

ஓலைக்கட்டு

திரையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள் ஐயா, "இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று. அங்கே எது நிறம், எது நீங்கள் சேர்த்த இருட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஏரிக்கரை

ஒக்லூஷனை ஒரு பொத்தானில் வைத்து, தொடக்கத்தில் அணைத்தே வைக்கலாமா என்று பார்க்கிறேன். இரண்டு நிறப் படம் ஏற்ற வேண்டிவரும், 4 ஜிபி ஃபோன் தாங்குகிறதா என்று இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.