மாலையில் கெட்டியான கூழ், காலையில் மெல்லிய கூழ்: துடுப்புத் தட்டுச் சோதனையில் எதை நம்புவது?

ஏழுமாடு எழுதியது:

என்னிடம் ஏழு கறவை மாடுகள் உள்ளன. மூன்றாம் எண் மாடு இரண்டாம் ஈற்றில் உள்ளது, ஐந்து மாதச் சினை. அது நாளொன்றுக்கு 11 லிட்டர் கொடுத்து வந்தது. கடந்த இரண்டு வாரங்களில் 9 லிட்டராகக் குறைந்துவிட்டது. மடியில் வீக்கமோ சூடோ இல்லை, பாலில் திரிதிரியாக எதுவும் வரவில்லை, தீவனத்திலும் மாற்றமில்லை. மறைநிலை மடிநோயாக இருக்குமோ என்ற ஐயத்தில் நான்கு குழிகள் கொண்ட துடுப்புத் தட்டையும் ஊதா நிறச் சோதனைத் திரவத்தையும் வாங்கி, எல்லா மாடுகளையும் சோதித்தேன்.

முதல் நாள் மாலை கறந்து முடித்த பிறகு, கடைசியாக ஒட்டிக்கறந்த பாலில் சோதித்தபோது மூன்றாம் எண் மாட்டின் பின் வலது காம்பில் பால் கெட்டியான கூழாகத் திரண்டது. பின் இடது காம்பில் லேசான வழவழப்புத் தெரிந்தது, ஆனால் மனைவியை அழைத்துக் காட்டுவதற்குள் அது மறைந்துவிட்டது. மறுநாள் காலை கறப்பதற்கு முன் சோதித்தபோது பின் வலது காம்பில் கூழ் இருந்தாலும் அவ்வளவு கெட்டியாக இல்லை, பின் இடதில் ஒன்றுமே இல்லை. இதற்கிடையில், கன்று ஈன்று இரண்டு நாளே ஆன இரண்டாம் எண் மாட்டில் நான்கு காம்புகளும் ஒரே அளவில் கூழாகின்றன. வற்றும் நிலையில் உள்ள ஐந்தாம் எண் மாட்டில் கூழே இல்லை, ஆனால் நிறம் மட்டும் நான்கு குழிகளிலும் அடர்த்தியாகிறது.

எந்த வேளை வாசிப்பை எடுத்துக்கொள்வது? முன்பு மிச்சமான மடிக்குழாய் மருந்து இரண்டு கையில் இருக்கிறது. அதை இப்போதே பின் வலது காம்பில் ஏற்றிவிடலாமா?

கறவைக்காரர்:

நிறம்தான் முக்கியம். மடிநோய் வந்தால் பாலில் காரத்தன்மை கூடும், அதனால் ஊதா அடர்த்தியாகும். ஆகவே ஐந்தாம் எண் மாட்டுக்கும் நோய் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாடுகளுக்கும் மூன்று நாள் மருந்து ஏற்றுங்கள், காத்திருந்தால் மற்ற மாடுகளுக்கும் பரவிவிடும்.

வெண்ணிலை:

வீக்கம் இருக்கும்போது வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அடிக்கடி கறந்துவிட்டு, திரிகளை முழுவதுமாக வெளியேற்ற வேண்டும். எங்கள் மாட்டுக்கு இப்படித்தான் குணமாயிற்று.

ஏழுமாடு:

ஐயா, தங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் எங்கள் மாட்டுக்கு வீக்கமும் இல்லை, திரியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே கண்டுபிடித்ததை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

தட்டும்திரவமும்:

நிறத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மேலே சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வீக்கம் கண்ட மடிப்பாலில் காரத்தன்மை கூடுவதும், அதனால் நிறம் அடர்வதும் சரியே. ஆனால் கறவைக்காலத்தின் இறுதியில் பால் குறையும் மாடுகளிலும் அதே மாற்றம் நிகழும். நான்கு காம்புகளும் ஒன்றுபோல அடர்ந்து, கூழ் சிறிதும் இல்லாத ஐந்தாம் எண் மாட்டின் நிலை பெரும்பாலும் அதுதான். சோதனையின் உயிர்நாடி கூழ். திரவத்தில் உள்ள சோப்புத்தன்மை கொண்ட பொருள், பாலில் உள்ள வெள்ளணுக்களை உடைத்து, அவற்றின் உட்கருப் பொருளை வெளியே கொண்டுவருகிறது. அது திரண்டு கூழாகிறது. வெள்ளணுக்கள் எவ்வளவு அதிகமோ, கூழ் அவ்வளவு கெட்டியாகும்.

இனி வேளைக்கு வருவோம். கறவையின் கடைசிப் பாலிலும், கறந்த பிறகு சில மணி நேரம் வரையிலும் செல் எண்ணிக்கை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். தங்கள் மாலை வாசிப்பு மிகைப்பட்டதற்குக் காரணம் அதுதான். ஆகவே காலை வாசிப்பையே கணக்கில் கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் மூன்று நான்கு பீச்சல்களைத் தரையில் விடாமல் தனிக் கிண்ணத்தில் பீய்ச்சிப் பார்த்துவிட்டு, பிறகு குழிக்கு இரண்டு மில்லி அளவில் பாலை எடுத்து, தட்டைச் சாய்த்துக் கூடுதலானதை வடித்துவிட வேண்டும். அதே அளவு திரவத்தை ஊற்றித் தட்டைத் தட்டையாகவே வட்டமாகச் சுழற்றினால், பத்து வினாடிக்குள் கூழ் தெரியத் தொடங்கும்; இருபது வினாடிக்குள் வாசித்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள்: பால் கூடி, திரவம் குறைந்தால் மெல்லிய கூழ் தெரியாமலே போகும், அதிக நேரம் சுழற்றினால் இலேசான வழவழப்பு கலைந்துவிடும். தங்கள் பின் இடது காம்பில் மறைந்தது அந்த இலேசான நிலைதான். மாடு மாறும்போது தட்டைத் தண்ணீரில் கழுவி உதறினால் போதும்; சோப்புப் போட வேண்டாம்.

இரண்டாம் எண் மாட்டை இப்போது விட்டுவிடுங்கள். சீம்பால் காலத்தில் நான்கு காம்புகளும் கூழாவது வழக்கம், அதை நோயாக எண்ணி மருந்தேற்றினால் வீண். ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள். அப்போது ஒரு காம்பு மட்டும் மற்றவற்றிலிருந்து பிரிந்து நின்றால் அதைப் பாருங்கள். இந்தச் சோதனையில் அதே மாட்டின் மற்ற மூன்று காம்புகளே சிறந்த அளவுகோல்.

பின் வலது காம்பைத் திரும்பவும் காலையில் சோதித்து, கூழ் குழியின் அடியில் ஒட்டாமல் நடுவில் திரண்டு சுழன்றால் 2ஆம் நிலை என்று குறித்துக்கொள்ளுங்கள். தோராயமாக ஒரு மில்லிக்கு எட்டு லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம் செல்கள் வரை அதன் பொருள், நோயில்லாத காம்பில் இரண்டு லட்சத்துக்கும் கீழ் இருக்கும். ஆனால் மருந்தைத் தொடாதீர்கள். எந்தக் கிருமி என்பதைத் தட்டு சொல்லாது, சொல்லவும் முடியாது.

ஆட்டுப்பட்டி:

ஐயா, என் கேள்வி சற்று விலகியது. என் வெள்ளாடுகளில் இந்தத் தட்டைப் பயன்படுத்தினால் எல்லாவற்றிலும் இலேசான கூழ் தெரிகிறது. எல்லா ஆடுகளுக்கும் நோய் என்று கொள்வதா?

தட்டும்திரவமும்:

இல்லை அம்மா. ஆட்டின் பால் சுரக்கும் விதத்திலேயே செல்லின் துணுக்குகள் பாலில் கலக்கும். வெள்ளணுக்களும் இயல்பாகவே மாட்டுப்பாலைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே மாட்டுக்கான அளவைக் கொண்டு ஆட்டைப் பார்க்க வேண்டாம். இடது பாதியையும் வலது பாதியையும் ஒப்பிட்டு, ஒன்று தெளிவாக மேலோங்கி நின்றால் மட்டும் அதைத் தொடருங்கள்.

ஏழுமாடு (எட்டாம் நாள்):

மூன்றாம் எண் மாட்டை ஒன்றுவிட்ட நாட்களில் மூன்று முறை காலையில் சோதித்தேன். பின் வலது காம்பு மூன்று முறையும் 2ஆம் நிலை. மற்ற மூன்றும் தெளிவு. இரண்டாம் எண் மாட்டில் மூன்று காம்புகள் தெளிந்துவிட்டன, முன் இடது மட்டும் 1ஆம் நிலையில் நின்றுவிட்டது. சீம்பால் அதை மறைத்துவைத்திருந்தது போலும்.

கால்நடை மருத்துவரிடம் சொல்லி, பின் வலது காம்புப் பாலை மட்டும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினோம். மாதிரி எடுப்பது சோதனையைவிடக் கடினமாக இருந்தது. காம்பைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பின் நுனியை, பஞ்சில் அழுக்கே ஒட்டாத நிலை வரும் வரை துடைக்கச் சொன்னார்கள். முதல் பீச்சல்களை விட்டுவிட்டு, குப்பியைச் சாய்த்துப் பிடித்து, மூடியின் உட்புறம் எதிலும் படாமல் எடுத்தோம். பனிக்கட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிட்டோம். ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று முடிவு வந்திருக்கிறது.

தட்டும்திரவமும்:

நல்ல வேளை, குழாய் மருந்தை ஏற்றாமல் விட்டீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று வந்திருந்தால் பென்சிலின் வகைக் குழாய் மருந்து கறவைக்காலத்திலேயே நன்றாக வேலை செய்யும், நானே ஏற்றச் சொல்லியிருப்பேன். இந்தக் கிருமி மடித்திசுவுக்குள் புகுந்து சிறு சீழ்க்கூடுகளில் ஒளிந்துகொள்ளும். மருந்து அங்கே எட்டுவது அரிது. மிச்சமிருந்த இரண்டு குழாய்கள் பெயருக்குக்கூட ஒரு முழு மருத்துவம் ஆகாது, பாலைத்தான் பல நாள் கொட்டியிருப்பீர்கள். இன்னொன்றும் உண்டு: இந்தக் கிருமி ஒரு நாள் பாலில் வரும், ஒரு நாள் வராது. ஆகவே வேறு மாடுகளில் ஒருமுறை இல்லை என்று வந்தாலும் அதை முடிவாகக் கொள்ளாதீர்கள்.

பரவாமல் தடுப்பது இன்றே தொடங்கட்டும். அந்த மாட்டைக் கடைசியில் கறங்கள். ஒரே துணியால் எல்லா மடிகளையும் துடைக்காதீர்கள், கறக்கும் கையும் ஒரு துணிதான். கறந்தவுடன் அரை சதவீத அயோடின் கரைசலில் நான்கு காம்புகளையும் முக்குங்கள். அந்தக் காம்பின் பாலைக் கன்றுக்குப் பச்சையாக ஊட்டாதீர்கள்.

கறவைக்காரர்:

நிறத்தைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இரண்டாம் ஈற்று மாடு, ஒரே காம்பு, நோயும் புதிது. இப்படிப்பட்ட மாட்டில்தானே குணமாகும் வாய்ப்பு அதிகம்? முற்றிய பிறகு வற்றுக்காலத்தில் பார்ப்பதைவிட, இப்போதே நீண்ட நாள் மருத்துவம் செய்வது மேலல்லவா?

தட்டும்திரவமும்:

தங்கள் வாதம் வலுவானதே. வயது குறைந்த, ஒரே காம்பில் புதிதாகத் தொற்றிய மாட்டில் குணமாகும் வாய்ப்பு கூடுதல்தான். மருந்து நாட்களை நீட்டினால் அது மேலும் கூடும். ஆனால் நோய் இரண்டு வாரம் முன்தான் வந்தது என்பதற்குப் பால் குறைந்ததைத் தவிர வேறு சான்று நம்மிடம் இல்லை. அதற்கு முன் தட்டு வைத்துப் பார்த்ததே இல்லையே. ஐந்து மாதச் சினை என்றால் வற்ற வைக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது. நானாக இருந்தால் அதுவரை தனியே கறந்து, வற்ற வைக்கும் நாளில் வற்றுக்கால மருந்தை ஏற்றுவேன். இதை மருத்துவர் முடிவு செய்யட்டும், கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற ஆய்வக முடிவு அவரிடம் இருக்கும்.

ஏழுமாடு:

கிருமி பென்சிலினுக்குக் கட்டுப்படவில்லை என்று முடிவில் எழுதியிருக்கிறது. மருத்துவரும் வற்றுக்காலம் வரை பொறுக்கவே சொல்கிறார், ஆனால் அப்போதும் குணமாகாவிட்டால் அந்தக் காம்பை நிரந்தரமாக வற்ற விடுவதா, மாட்டையே விலக்குவதா என்பதை இப்போதே யோசித்து வைக்கச் சொன்னார். இரண்டாம் எண் மாட்டின் முன் இடது காம்பு மாதிரி நாளை காலை ஆய்வகத்துக்குப் போகிறது.

ஆட்டுப்பட்டி:

முன் இடது காம்பின் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள் ஐயா. என் ஆடுகளில் இரண்டின் வலது பாதி மட்டும் மேலோங்கி நிற்கிறது, நானும் மாதிரி எடுக்கப் போகிறேன்.