பஃபருக்கு ஒரு சொல் வேண்டும், திங்களுக்குள்

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பலகாரம் சுட்டு விற்கும் பெண்கள் குழு ஒன்றுக்குப் பயிற்சிக் கையேடு எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். மேலாண்மை அறிஞர் கோல்ட்ராட்டின் தடைக் கோட்பாட்டில் வரும் பஃபர் என்ற சொல்லில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வேலைத்தொடரில் எந்தப் படி மிக மெதுவோ, அதற்கு முன்னால் மட்டும் கொஞ்சம் சரக்கை நிறுத்தி வைப்பது என்பதுதான் பொருள். 'காப்பிருப்பு' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பாதிப்பேர் 'காத்திருப்பு' என்று காதில் வாங்கிக்கொண்டு, அடுப்படியில் யார் காத்திருக்கணும் என்று கேட்டார்கள்.

கோட்டையூரிலிருந்து:

அக்கா, கணினியில் 'இடையகம்' என்று ஏற்கெனவே இருக்கிறதே. இரண்டு வேலைகளுக்கு இடையே இருப்பது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒன்று வைத்துவிட்டால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, நீங்கள் சொன்னதில் பின்பாதிதான் இந்தக் கோட்பாடு வேண்டாம் என்று சொல்வது. நான் நூற்பாலையில் இருந்தவன். எல்லா இயந்திரத்துக்கு முன்னாலும் கேன் கேனாகச் சரக்கு நிற்கும். எது குறைந்தால் ஆபத்து என்று ஒருவருக்கும் தெரியாது. பணமும் இடமும் அதில் முடங்கிக் கிடக்கும், ஆனால் அனுப்ப வேண்டிய நூல் மட்டும் நேரத்துக்குப் போகாது.

டீச்சரம்மா குழுவையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். முறுக்குச் சட்டி ஒன்றுதான். அது மணிக்கு 10 கிலோ மாவைத்தான் வாங்கும். மாவு அரைத்துச் சலிப்பவர்களால் மணிக்கு 15 கிலோ தர முடியும். பொட்டலம் போடுபவர்கள் இன்னும் வேகம். அப்படியானால் சட்டி ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் அன்றைய வியாபாரத்தில் அந்த ஒரு மணி நேரம் போனதுதான், திரும்ப வராது. அரவை ஒரு மணி நேரம் நின்றால் பிறகு பிடித்துவிடலாம்.

சட்டிக்கு முன்னால் 3 மணி நேரத்துக்கான மாவு, அதாவது 30 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். கரண்ட் போய் அரவை 2 மணி நேரம் நிற்கிறது. சட்டி 20 கிலோவைத் தின்றுவிடும், மீதி 10. கரண்ட் வந்தபின் மணிக்கு 15 வருகிறது, 10 போகிறது, 5 தேறுகிறது. 4 மணி நேரத்தில் பழையபடி 30. சட்டி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அரவையும் மணிக்கு 10தான் என்றால் அந்த 20 கிலோ ஓட்டை அடையவே அடையாது. மற்ற படிகளில் கொஞ்சம் வேகம் மிச்சம் இருப்பதால்தான் ஒரே இடத்தில் வைத்தால் போதும் என்கிறோம்.

இன்னொன்று, இதை மணிக்கணக்கில்தான் அளக்க வேண்டும், கிலோ பிறகு. ஆகவே 'இருப்பு' என்று முடியும் சொல்லே எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

பள்ளத்தூரிலிருந்து:

இடையகம் பிழை. நடுவில் இருப்பதைச் சொல்கிறது, எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. வேதியியலில் 'தாங்கல் கரைசல்' என்கிறார்களே, அந்தத் தாங்கல் நல்ல சொல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் ஏரிப் பெயர்கள். மழை வந்தபோது தாங்கி, வராதபோது வயலுக்கு விடுவது. தாங்கு என்பதோடு அல் சேர்ந்த தொழிற்பெயர், பிறகு ஆகுபெயராய் நீர்நிலைக்கு ஆகிவந்தது. ஆனால் அது தொண்டை நாட்டுச் சொல். நம் சீமையில் அதே பொருளில் 'ஏந்தல்' உண்டு. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் ஏந்தல் என்று முடியும் ஊர்கள் எத்தனை! கையேட்டில் 'ஏந்தல்' என்றே போடலாம்.

கோட்டையூரிலிருந்து:

ஐயா, ஏந்தல் என்றால் அரசன் என்றல்லவா பத்தாம் வகுப்பில் படித்தோம்? சட்டிக்கு முன்னால் ஓர் ஏந்தலை நிறுத்துக என்று எழுதினால் அக்காவின் வகுப்பு தாங்காது.

ஆத்தங்குடியிலிருந்து:

எங்கள் தரைக்கல் பட்டறையில் முடிந்த கல் நிறைய அடுக்கி வைத்திருக்கிறோம், வீடு கட்டுபவர்கள் அவசரமாகக் கேட்டால் கொடுக்க. அதைத்தானே சொல்கிறீர்கள்? நாங்கள் 'ஸ்டாக்' என்போம், புதுச் சொல் எதற்கு?

தேவகோட்டையிலிருந்து:

அது கடைசியில் நிற்கும் சரக்கு அண்ணே, நான் சொல்வது வேறு. கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றும் கைக்காரர்தான் உங்கள் பட்டறையில் மெதுவான படி என்றால், துடைத்த கண்ணாடியும் கரைத்த கலரும் அவர் முன்னால் குறையாமல் இருக்க வேண்டும். அவரே எழுந்து போய்க் கண்ணாடி துடைத்தால் அங்கேதான் நேரம் போகிறது.

கானாடுகாத்தானிலிருந்து:

நான் பலகாரம் போடுகிறவள். கணக்கெல்லாம் சரி, ஆனால் சட்டிக்கு நேர் முன்னால் இருப்பது பிசைந்த மாவு. அதை 3 மணி நேரம் வைத்துப் பாருங்கள். முறுக்கு சிவந்து போகும், எண்ணெய் குடிக்கும். ஈரமாவும் பொழுதுக்கு நிற்காது, புளித்துவிடும். நான் வறுத்துச் சலித்த மாவைத்தான் தகரத்தில் வைப்பேன். ஓர் ஈடு வெந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஈட்டுக்கு மட்டும் பிசைவேன். அந்தத் தகரத்து மாவுக்கு எங்கள் ஆத்தா 'கைக்காவல்' என்பார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி சொன்னதை நான் விட்டுவிட்டேன். சட்டியை ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் கூடாது. கெடாமல் நிற்கிற கடைசி நிலையில் வைக்க வேண்டும், அதற்கும் சட்டிக்கும் நடுவே உள்ள வேலை சுருக்கமாக இருக்க வேண்டும். பிசைவது அப்படிப்பட்டது.

அந்தத் தகரத்தில் மூன்று பங்காகக் கோடு போடச் சொல்லுங்கள். மேல் பங்கில் இருந்தால் கவலை இல்லை. நடுப்பங்குக்கு வந்தால் அரவை என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கடைசிப் பங்குக்கு இறங்கினால் மற்றதை விட்டுவிட்டு மாவுக்கு ஓட வேண்டும். அடிக்கடி கடைசிப் பங்குக்கு வந்தால் 30 கிலோ போதவில்லை, அல்லது அரவையில் கோளாறு. வாரக்கணக்கில் மேல் பங்கை விட்டு இறங்கவே இல்லையென்றால் மாவு அதிகம், குறைக்கலாம். அரிசி ஊறப்போடுவதும் சட்டி தின்னும் அளவுக்குத்தான். அரவைக்காரர் சும்மா இருக்கிறாரே என்று போடக்கூடாது. அங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள், சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க நமக்கு மனம் ஒப்பாது.

கைக்காவல் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லா மூலையிலும் வைப்பதும் கைக்காவல்தானே? அளவும் இடமும் அந்தச் சொல்லில் இல்லை.

பள்ளத்தூரிலிருந்து:

அப்படியானால் 'தாங்கிருப்பு'. வினைத்தொகை. நேற்றுத் தாங்கியது, இன்று தாங்குவது, நாளை தாங்கப்போவது, மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. நேரத்தை அளக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தம் எது? காலம் கரந்து நிற்கும் சொற்களைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து:

ஐயா, நாளை அச்சகத்தில் இருப்பேன். கையேட்டில் 'தாங்கிருப்பு' என்று போடுகிறேன். முதல் தடவை வரும் இடத்தில் 'நம் ஊரில் கைக்காவல் மாவு' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தேவகோட்டை அண்ணனின் மறுப்பும் நியாயம்தான், ஆனால் வகுப்பில் முதலில் புரிந்தது அந்தச் சொல்தான். மணிக்கணக்கு என்பதை அடுத்த வரியிலேயே எழுதிவிட்டேன்.

கோட்டையூரிலிருந்து:

எனக்கு இன்னும் இடையகம்தான். பதிவில் இருக்கட்டும்.

தேவகோட்டையிலிருந்து:

சரி. ஆனால் சட்டிக்குப் பின்னால் சரக்கு வேண்டாம், காலி இடம் வேண்டும். பொட்டலம் போடும் பெண் வராத நாளில் சுட்ட முறுக்கைக் கொட்ட இடம் இல்லாவிட்டாலும் சட்டி நின்றுவிடும். அந்த இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமே?

பள்ளத்தூரிலிருந்து:

வேண்டும். 'வெறுமை' என்று தொடங்கலாமா?