டிஸ்கவுண்டிங்: "தள்ளுபடி" என்றால் பிள்ளைகள் கழிக்கிறார்கள்

தேன்மொழி:
வணக்கம். வணிகவியல் முதலாண்டுக்கு ஒரு பயிற்சித்தாள் தயாரிக்கிறேன், நாளைக் காலை அச்சுக்குப் போகவேண்டும். கணக்கு இதுதான். ஒரு மாவரைக்கும் இயந்திரம்: இன்றே கொடுத்தால் 1,00,000 ரூபாய், ஒரு வருடம் கழித்துக் கொடுத்தால் 1,08,000. வங்கியில் 7% வட்டி கிடைக்கிறது என்றால் எது லாபம்? அடுத்த வருடத்து 1,08,000 இன்று எவ்வளவுக்குச் சமம் என்று பார்க்கவேண்டும். இந்தச் செயலுக்குத் "தள்ளுபடி செய்தல்" என்று எழுதியிருந்தேன். போன வருடம் பாதி வகுப்பு 7% கழித்து 1,00,440 என்று எழுதிவிட்டது. ஆடித் தள்ளுபடி பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? நல்ல சொல் தாருங்கள்.

பாஸ்கரன்:
1,00,440 தப்பா? அதுவும் ஒரு லட்சத்துக்கு மேலேதானே. இன்றே கொடுப்பது லாபம் என்ற விடை மாறவில்லையே!

மைதிலி:
இங்கே தப்பித்துவிட்டது. வட்டியை 8% ஆக்கிப் பாருங்கள். கழித்தால் 99,360 வரும். பிறகு கொடுப்பதே மலிவு என்று தோன்றும். சரி, அந்த 99,360-ஐ 8%-இல் போட்டுவையுங்கள். வருடக் கடைசியில் 1,07,309தான் இருக்கும். கடைக்காரருக்கு 691 ரூபாய் துண்டு விழும். 1.08-ஆல் வகுத்தால் நேராக 1,00,000; இரண்டு விலையும் ஒன்றுதான். வந்த விடையைத் திரும்ப வட்டிக்கு விட்டுப் பார்ப்பதுதான் சோதனை. 7%-க்கும் 1.07-ஆல் வகுக்கவேண்டும்: 1,00,935.

பாஸ்கரன்:
எனக்கு ஒருவர் வருடக் கடனாக 10,000 எழுதி வாங்கிக்கொண்டு, பத்து சதவீத வட்டியை முதலிலேயே பிடித்து 9,000தான் கையில் கொடுத்தார். அவர் கழித்துத்தானே கொடுத்தார்?

மைதிலி:
அவர் செய்ததுதான் அசல் தள்ளுபடி. பின்னொரு நாளில் பணம் தருவதாக எழுதிய வணிக உண்டியலை வங்கிகள் வாங்கும்போதும் இப்படித்தான் முன்வட்டி பிடிப்பார்கள். உங்கள் கைக்கு வந்தது 9,000, அதற்கு வட்டி 1,000. அப்படியானால் 11 சதவீதத்துக்கு மேல். பத்து என்று சொன்னது அவருடைய சாமர்த்தியம். தேன்மொழி கேட்பது வேறு. வகுத்தலுக்கு ஒரு பெயர்.

இராமலிங்கம்:
இன்று என்பது ஐகாரம் ஏற்று, மெல்லினம் வல்லினமாகி, இற்றை ஆகும். நன்னூல் படித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாரிமகளிர் "அற்றைத் திங்கள்", "இற்றைத் திங்கள்" என்று இரண்டு காலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்களே, நம் கணக்கும் அதுதான். நிலவு ஒன்று, காலம் இரண்டு. எனவே இற்றை மதிப்பு, செயலுக்கு இற்றைப்படுத்தல். மதிப்பில் மதியும் இருப்பதைக் கவனிக்க!

சிவகுமார்:
ஐயா, இற்றைப்படுத்தல் என்பதை மென்பொருள்காரர் அப்டேட்டுக்கு எடுத்துவிட்டார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பாடங்களில் மதிப்பு பெறுமதிதான். டிஸ்கவுண்டுக்குக் கழிவு. கழிவு வீதம் என்று எழுதுங்கோ, எல்லாருக்கும் விளங்கும்.

தேன்மொழி:
சிவகுமார் அண்ணா, இங்கே கழிவு என்றால் சாக்கடைதான் நினைவுக்கு வரும். கழித்தலும் உள்ளேயே இருக்கிறது. மறுபடி அதே தப்பு. இற்றை என்றால் என் பிள்ளைகள் இத்துப்போன மதிப்பா என்பார்கள்.

இராமலிங்கம்:
இறுதல் வேறு, இற்றை வேறு. பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லைக் கொல்வதா?

மைதிலி:
ஐயா, நாளைக்கு அச்சு! "இன்றைய மதிப்பு" போதும். செயலுக்கு "வட்டி நீக்கம்" என்று வைக்கலாம். 1,08,000-க்குள் ஒரு வருட வட்டி ஒளிந்திருக்கிறது, அதை எடுத்துவிடுகிறோம். அப்புறம், தாளில் இன்னொரு வரி சேருங்கள். யாருடைய வட்டி? பணம் கையில் இருப்பவருக்கு 7%, அவர் இன்றே கொடுக்கலாம். இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் 2%-க்கு, கடன் வாங்கிக் கொடுக்கவேண்டியவருக்குக் கூட்டுவட்டி பார்க்காமலே வருடம் 24%. 1.24-ஆல் வகுத்தால் 87,097தான். அவர் ஒரு வருடம் பொறுப்பதே மேல்.

பாஸ்கரன்:
விலைவாசி ஏறுவதைக் கணக்கில் சேர்க்கவில்லையே?

மைதிலி:
1,08,000 என்று விலை இப்போதே எழுதியாகிவிட்டது. வங்கி தரும் 7%-உம் ரூபாயில்தான். தனியாகச் சேர்த்தால் ஒன்றையே இரண்டு முறை கழித்ததாகும்.

சிவகுமார்:
வட்டி நீக்கம் என்றால் அரசு விவசாயிக்கு வட்டியை விட்டுக்கொடுப்பது போலக் கிடக்கு.

தேன்மொழி:
ஐயோ, ஆமாம். ஆனால் மணி பதினொன்று. மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள், அனுப்பிவிட்டேன். "இன்றைய மதிப்பு", "வட்டி நீக்கம்". சோதனையையும் ஒரு பெட்டிக்குள் போட்டிருக்கிறேன்.

இராமலிங்கம்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். நீக்கம் வேண்டாம், "வட்டி உரித்தல்" என்றாவது வைத்திருக்கலாம். வாழைத்தண்டு போல வருடத்துக்கு ஒரு பட்டையாக உரிந்து வரும். இரண்டு வருடக் கணக்கு வரும்போது மறுபடி பேசுவோம்.