‘இண்டிகேட்டர் பிளாக்கிங்’: தமிழில் என்ன வைக்கலாம்?

மீனாட்சி:

அனைவருக்கும் வணக்கம். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதி வருகிறேன். கடினத்தன்மை அத்தியாயத்தில் ஒரே ஒரு சொல் இடறுகிறது. தரம்பார்த்தல், நிறங்காட்டி, கொடுக்கிணைப்பு எல்லாம் பாடநூலிலேயே இருக்கின்றன. ‘இண்டிகேட்டர் பிளாக்கிங்’ என்பதற்கு மட்டும் ‘தடுப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். எது எதைத் தடுக்கிறது என்று படிப்பவருக்குப் புரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரே ஊரின் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் 25 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த நீர் விட்டு 50 மி.லி. ஆக்கினோம். அம்மோனியா தாங்கல் கரைசல் 1 மி.லி., எரியோகுரோம் பிளாக் டி சாயம் ஒரு சிட்டிகை. இரண்டுமே ஒயின் சிவப்பு. முதல் நீர் 0.01 மோலார் இ.டி.டி.ஏ. 10.7 மி.லி. விட்டதும் பளிச்சென்று நீலமானது. அதாவது கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 428 மி.கி. இரண்டாவது நீர் ஊதா வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. 20 மி.லி. தாண்டியும் நீலம் இல்லை. இந்த நிலைக்குத்தான் பெயர் வேண்டும்.

சண்முகம்:

பெயர் வைக்கும் முன் பி.எச். பாருங்கள் அம்மா. அந்தச் சாயம் பி.எச். 6-க்குக் கீழே தன்னாலேயே சிவப்பு. உலோகமே இல்லாவிட்டாலும் சிவப்பாகத்தான் இருக்கும். தாங்கல் கரைசல் பழசாகி அம்மோனியா பறந்துபோயிருந்தால் எத்தனை மி.லி. விட்டாலும் நீலம் வராது. இதற்கு ‘காரக் குறைவு’ என்று எழுதினால் போதும், புதுச்சொல் எதற்கு?

மீனாட்சி:

அதே தாங்கல், அதே சாயம், காய்ச்சி வடித்த நீரில் போட்டால் உடனே நீலம் ஐயா. முதல் கிணற்று நீரிலும் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாவது நீரை பி.எச். மீட்டரிலும் பார்த்துவிட்டோம், 10-ஐ ஒட்டித்தான் இருந்தது.

அன்வர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்று வாங்கினேன். சொட்டு விட்டால் நீலமாகிறது. நீலம் வந்தால் நல்ல தண்ணீர் என்று கடைக்காரர் சொன்னார். அப்படியானால் இரண்டாவது கிணறு கெட்ட தண்ணீரா? எங்கள் கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இராசம்:

அன்வர் தம்பி, வழக்கமாக நீலம் எந்தத் தண்ணீரிலும் ஒரு கட்டத்தில் வந்துவிடும். அது எத்தனை சொட்டில் வந்தது என்பதுதான் கணக்கு. பெட்டியில் ஒரு சொட்டுக்கு இத்தனை மி.கி. என்று எழுதியிருக்கும், பெருக்கிப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கெட்டிலில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தொடர்பு உண்டு, ஆனால் இந்த இழையின் கேள்வி வேறு.

மீனாட்சி, சண்முகம் ஐயா சொன்னதைக் கையேட்டில் முதல் சோதனையாகவே வையுங்கள். சாயம் கெட்டதா, தாங்கல் கெட்டதா, தண்ணீரில் வேறு ஏதும் இருக்கிறதா என்று பிரிக்க வெற்று நீர்ச் சோதனைதான் வழி. உங்களுடையது அதில் தேறிவிட்டது. ஆகவே கோளாறு தண்ணீரில்தான். அந்த மாதிரியைத் திறந்து வைத்தால் மஞ்சளாகிறதா? ஆகிறது என்றால் இரும்பைச் சந்தேகிப்பேன்.

இந்தச் சாயம் வெறுமனே வேடிக்கை பார்ப்பதில்லை. அதுவும் உலோகத்தைப் பிடிக்கிறது. மக்னீசியத்தைப் பிடித்திருக்கும்போது சிவப்பு, விட்டபின் நீலம். இ.டி.டி.ஏ. கடைசியில் சாயத்தின் கையிலிருக்கும் மக்னீசியத்தைப் பறிக்கிறது, அந்த நொடிதான் முடிவுநிலை. எனவே சாயத்தின் பிடி ஓரளவு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் இ.டி.டி.ஏ. கேட்டால் விட்டுவிட வேண்டும். கால்சியம் மட்டும் உள்ள நீரில் பிடி தளர்வு. நிறம் சீக்கிரமே மங்கத் தொடங்கி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இழுக்கும். அதற்காகத்தான் தாங்கல் கரைசலிலேயே கொஞ்சம் மக்னீசியம்–இ.டி.டி.ஏ. உப்பைச் சேர்த்து வைப்பார்கள். இரும்பு, தாமிரம், நிக்கல், அலுமினியம் வந்தால் நேர்மாறு. பிடித்ததைச் சாயம் விடுவதே இல்லை.

இதற்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது: விடாப்பிடி. ‘நிறங்காட்டி விடாப்பிடி’ என்று எழுதுங்கள்.

சண்முகம்:

சாயத்தின் பிணைப்பு இ.டி.டி.ஏ.வைவிட வலிமையானது, அதனால் விடவில்லை. அப்படியென்றால் ‘மிகைப்பிணைப்பு’ என்பது இன்னும் துல்லியம் அல்லவா?

இராசம்:

எல்லா உலோகத்திலும் அப்படியில்லை ஐயா. மூவிணைதிற இரும்பை இ.டி.டி.ஏ. மிக வலுவாகப் பிடிக்கும், கால்சியத்தைவிடப் பல மடங்கு. காகிதத்தில் கணக்குப் போட்டால் சாயம் தோற்க வேண்டும். ஆனால் சில உலோகங்களைச் சாயம் விடும் வேகம் அவ்வளவு மந்தம், பியூரெட் முன்னால் நிற்கிற நேரத்துக்குள் அது நடப்பதில்லை. காரணம் வலிமையாகவும் இருக்கலாம், வேகமாகவும் இருக்கலாம். ‘மிகைப்பிணைப்பு’ காரணத்தை முன்கூட்டியே தீர்ப்பாகச் சொல்லிவிடுகிறது. ‘விடாப்பிடி’ கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது.

தர்ஷினி, யாழ்ப்பாணம்:

எங்களுடையது சுண்ணக்கல் நிலம், கிணற்று நீரின் வன்மை பார்ப்பது ஆய்வுகூடத்தில் வழமையான வேலை. இங்கே நீங்கள் சொல்லும் கடினத்தன்மை ‘வன்மை’, தரம்பார்த்தல் ‘நியமிப்பு’, நிறங்காட்டி ‘காட்டி’. ஆகவே ‘காட்டியின் விடாப்பிடி’ என்று சொல்லவேண்டி வரும். காது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒரு சிக்கல். ‘இண்டிகேட்டர் இஸ் பிளாக்ட்’ என்பதை எப்படிச் சொல்லுவது? ‘காட்டி விடாப்பிடியாகியது’ சரிவராது. நான் ‘காட்டி முடக்கம்’ என்பேன். ‘காட்டி முடங்கியது’, ‘முடக்கும் அயன்கள்’ என்று வினையாகவும் அடையாகவும் நீட்டலாம். வகுப்பில் மாணவருக்கு அதுதான் வேண்டும்.

சண்முகம்:

தர்ஷினி சொல்வது சரிதான். ஆனால் சாயம் கெட்டுப்போனாலும் ‘முடங்கியது’ என்றுதானே எழுதுவார்கள்? கரைத்து வைத்த எரியோகுரோம் பிளாக் டி நாளாக ஆகத் தானாகவே கெடும். அதனால்தான் உப்போடு பொடித்து உலர்வாக வைக்கிறோம். இரண்டும் ஒரே சொல்லில் கலந்துவிடும்.

மீனாட்சி:

அனைவருக்கும் நன்றி. இராசம் அம்மா கேட்டது சரி, அந்த மாதிரி ஓரிரவில் மஞ்சளாகி அடியில் துரு படிந்திருந்தது. புதிதாக எடுத்த நீரில் ஒரு துளி அமிலம் விட்டு, ட்ரைஎத்தனாலமீன் சேர்த்துக் கலக்கி, அதன் பிறகே தாங்கல் கரைசல் விட்டோம். இந்த முறை 11.6 மி.லி.யில் நீலம், லிட்டருக்கு 464 மி.கி.

கையேட்டில் நிகழ்வுக்குப் பெயராக ‘விடாப்பிடி’, காரணமான உலோகங்களுக்கு ‘முடக்கும் அயனிகள்’ என்று இப்போதைக்கு எழுதுகிறேன். இரண்டு வேர்ச்சொல் ஒரே பத்தியில் வருவது எனக்கே உறுத்துகிறது. ட்ரைஎத்தனாலமீன் செய்யும் வேலையைப் பாடநூல் ‘மறைத்தல்’ என்கிறது. இரும்பு எங்கும் மறையவில்லையே, கட்டித்தானே போடப்படுகிறது? அதற்கும் யாராவது யோசியுங்கள்.

இராசம்:

அமிலம் முதலில், தாங்கல் பிறகு என்ற வரிசையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். தாங்கல் முன்னால் போனால் இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும், அப்புறம் ட்ரைஎத்தனாலமீனால் அதைப் பிடிக்க முடியாது. தாங்கல் விட்டபின் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும், தாமதித்தால் கால்சியம் கார்பனேட்டும் படியத் தொடங்கும். தாமிரத்துக்கு இந்த முறை போதாது, அதற்குச் சோடியம் சல்பைடு போன்றது வேண்டும். ‘மறைத்தல்’ பற்றி: நான் ‘கட்டிவைத்தல்’ என்றே எழுதி வந்திருக்கிறேன், யாரும் கேள்வி கேட்கவில்லை.

தர்ஷினி:

நான் கேட்கிறேன். சாயம் மக்னீசியத்தைப் பிடித்திருப்பதும் ‘கட்டுதல்’ தானே?